படுத்திருக்கும் உடலில் 'மேலே' எந்தப் பக்கம்?

கேள்வி: டாக்டர், நான் பி.பி.டி. முதலாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. அனாடமி இன்டர்னல் தேர்வில் நான்கு இடங்களில் மார்க் போய்விட்டது. 'முழங்கால், கணுக்காலுக்கு க்ரேனியல்' என்று எழுதினேன், தவறு என்றார்கள். 'இதயம், டயாஃப்ரத்துக்கு க்ரேனியல்' என்றதையும் அடித்துவிட்டார்கள். ஸ்பாட்டரில் பாதத்தின் டிரான்ஸ்வர்ஸ் வெட்டை வரையச் சொன்னார்கள். உள்ளங்காலுக்கு இணையாக வெட்டி வரைந்தேன், அதுவும் தவறாம். வைவாவில் டேபிள் மேல் இருந்த உடலைக் காட்டி, மார்பெலும்பு இதயத்துக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். மேலேதானே இருக்கிறது என்று 'சுபீரியர்' என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். என் பெரியப்பா மகன் கால்நடை மருத்துவம் படிக்கிறான். அவன் எல்லா இடத்திலும் க்ரேனியல் என்றுதான் எழுதுகிறான், முழு மார்க் வாங்குகிறான். இரண்டும் ஒன்றுதான் என்று சீனியர் அக்காவும் சொன்னார். அப்படியென்றால் எனக்கு மட்டும் ஏன் தவறு? துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுத்து மார்க் கேட்கலாமா? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு காரணத்துக்கு வரலாம். மார்பெலும்பும் முழங்காலும் உங்கள் தவறுதான். இதயத்தைப் பற்றி எழுதியது பொருளில் சரி, ஆனால் மனித உடற்கூறியலின் வழக்கில் இல்லை. பாதம் மட்டும் உண்மையாகவே வாதத்துக்குரியது. அந்தக் கேள்வியை இரண்டு விதமாகப் படிக்க முடியும். ஆக, நான்கில் ஒன்றுக்கு நீங்கள் தைரியமாகப் போய்க் கேட்கலாம், இன்னொன்றுக்குப் பணிவாகக் கேட்டுப் பார்க்கலாம். மற்ற இரண்டை விட்டுவிடுங்கள்.

உங்கள் சீனியர் அக்கா சொன்னது முழுப் பொய்யும் இல்லை. கழுத்திலிருந்து இடுப்பு வரை மட்டும் அது செல்லும். அதைத் தாண்டினால் காலை வாரிவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

உடல் படுத்திருந்தாலும் நிற்கிறது

மார்பெலும்பிலிருந்து தொடங்குவோம். டிஸெக்ஷன் ஹாலில் உடல் மல்லாந்து கிடக்கிறது. மார்பெலும்பு கூரையைப் பார்க்கிறது, அதை எடுத்தால் கீழே இதயம். நம் கண்ணுக்கு அது 'மேலே'தான். ஆனால் திசைச் சொற்கள் எதுவும் கூரையையும் தரையையும் பார்த்து வைக்கப்பட்டவை அல்ல. உடல் எப்படிக் கிடந்தாலும், அது நிமிர்ந்து நிற்பதாக வைத்துக்கொண்டே பேச வேண்டும். முகமும் பார்வையும் நேரே முன்னால், கைகள் பக்கவாட்டில் தொங்க, உள்ளங்கைகள் முன்பக்கம் பார்க்க, கால்விரல்கள் முன்னால் நீள நிற்கும் நிலை அது. இப்படி நிறுத்திவிட்டால் மார்பெலும்பு இதயத்துக்கு முன்னால் இருக்கிறது. எனவே ஆன்டீரியர். சுபீரியர் என்றால் தலைப்பக்கம் மேலே. இதயத்துக்கு சுபீரியராக இருப்பவை அதிலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவும், இன்னும் மேலே கழுத்தும். தலைகீழாக ஆசனம் செய்பவருக்கும் தலைதான் சுபீரியர், பாதம் இன்ஃபீரியர்.

இதே டேபிளில் இன்னொரு பொறியும் இருக்கிறது. உங்கள் பேட்ச் இன்னும் முன்கைக்கு வரவில்லை என்றால் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஃபார்மலினில் விறைத்த கை பல நேரம் உள்ளங்கை டேபிளைப் பார்க்கக் கிடக்கும். அப்போது கட்டைவிரல் உடலை ஒட்டியும் சுண்டுவிரல் வெளியேயும் இருக்கும். பார்த்தவுடன் 'கட்டைவிரல் மீடியல்' என்று சொல்லத் தோன்றும். தவறு. உள்ளங்கை முன்னால் திரும்பிய நிலையில் கட்டைவிரல்தான் வெளிப்பக்கம், அதாவது லேட்டரல். விறைத்த கையைத் திருப்பிப் பார்க்க முடியாது, உங்கள் கையைத் திருப்பிப் பாருங்கள். முன்கையில் இந்தக் குழப்பத்தைத் தாண்ட மருத்துவர்கள் வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். கட்டைவிரல் பக்கத்தை ரேடியல் என்றும், சுண்டுவிரல் பக்கத்தை அல்னர் என்றும் அங்கே இருக்கும் எலும்பின் பெயராலேயே சொல்லிவிடுவார்கள். கை எப்படித் திரும்பினாலும் அந்தப் பெயர் மாறாது. பின்னாளில் நோயாளியின் குறிப்பில் நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

தெற்கும் ஆற்றின் போக்கும்

இனி உங்கள் முக்கியக் கேள்வி. மேட்டூரில் காவிரி தெற்கு நோக்கி ஓடுகிறது. திருச்சியில் கிழக்கு நோக்கி ஓடுகிறது. மேட்டூரிலேயே வளர்ந்த ஒருவர் 'ஆறு போகும் பக்கம் என்றால் தெற்கு' என்று நினைத்தால், அவர் ஊரைப் பொறுத்தவரை சரி. திருச்சிக்கு வந்து அதையே சொன்னால் வழி தவறிவிடுவார். சுபீரியர் என்பது தெற்கு, கிழக்கு மாதிரி. நிற்கும் மனிதனை வைத்து ஒருமுறை முடிவு செய்த திசை, எங்கும் மாறாது. க்ரேனியல் என்பது ஆற்றின் போக்கு மாதிரி. உடலின் நீள அச்சு எந்தப் பக்கம் போகிறதோ, அதன் வழியே தலையை நோக்கிய திசை. எதிர்ப்பக்கம் வால் நுனியை நோக்கியது காடல்.

மனிதனின் நடு உடலில் அந்த அச்சு செங்குத்தாக நிற்கிறது. அதனால் அங்கே சுபீரியரும் க்ரேனியலும் ஒரே பக்கத்தைக் காட்டுகின்றன. சீனியர் அக்கா மேட்டூரில் நின்று பேசியிருக்கிறார்.

உங்கள் அண்ணன் கையில் இருப்பது நாயும் மாடும். நாயின் முதுகெலும்பு தரைக்கு இணையாகப் போகிறது. அதற்கு 'மேலே' என்றால் முதுகுதான், தலை இல்லை. அங்கே சுபீரியர் என்று எழுதினால் படிப்பவர் முதுகை நினைப்பாரா, தலையை நினைப்பாரா என்று சொல்ல முடியாது. அதனால் கால்நடை மருத்துவத்தில் அந்தச் சொல்லைக் கண் போன்ற ஒருசில இடங்களோடு நிறுத்திக்கொண்டு, மற்ற இடங்களில் க்ரேனியல், காடல், முதுகுப்பக்கத்துக்கு டார்சல், வயிற்றுப்பக்கத்துக்கு வென்ட்ரல் என்று எழுதுகிறார்கள். தலையிலிருந்தும் கையிலிருந்தும் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய சிரை உங்கள் புத்தகத்தில் சுபீரியர் வீனா கேவா. நாயில் அதே இடத்து சிரை அண்ணன் புத்தகத்தில் க்ரேனியல் வீனா கேவா. அவரவர் தாளில் அவரவர் எழுதுவது சரி.

பள்ளிக்கூட விலங்கியலிலிருந்து வருபவர்களுக்கு இதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. தவளையில் தலைப்பக்கத்தை ஆன்டீரியர் என்று படித்திருப்பீர்கள், அதன் தலைப்பக்கச் சிரைகளுக்கும் ஆன்டீரியர் வீனா கேவா என்றே பெயர். மனிதனுக்கு வந்தவுடன் ஆன்டீரியர் என்பது மார்பும் வயிறும் இருக்கும் பக்கம். சொல் ஒன்று, பக்கம் வேறு. முதலாம் ஆண்டில் சுபீரியர், க்ரேனியல் குழப்பத்தைவிட இதில் விழுபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

இதை ஒரே வழிக்குக் கொண்டுவர முயற்சி நடக்காமல் இல்லை. 1895-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஒப்புக்கொண்ட பெயர்ப்பட்டியல் நிற்கும் மனிதனை வைத்தது. 1935-இல் ஜெர்மனியின் யேனாவில் அதைத் திருத்தியபோது, விலங்குக்கும் மனிதனுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று சுபீரியர், இன்ஃபீரியருக்குப் பதிலாக க்ரேனியல், காடலைக் கொண்டுவந்தார்கள். அது உலகம் முழுவதும் பிடிக்கவில்லை. 1955-இல் பாரீஸில் மறுபடி நிற்கும் மனிதனுக்கே திரும்பினார்கள். உங்கள் பாடப்புத்தகம் அந்த வழியில் வந்தது. அதனால்தான் 'இதயம், டயாஃப்ரத்துக்கு க்ரேனியல்' என்பதை உங்கள் ஆசிரியர் அடித்திருக்கிறார். பக்கம் சரியாகத்தான் காட்டியிருக்கிறீர்கள். அரை மதிப்பெண் கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் மனித உடற்கூறியல் தாளில் எதிர்பார்க்கும் சொல் சுபீரியர்.

முழங்கால் விஷயத்தில் அண்ணனும் உங்களுக்கு மார்க் தரமாட்டார்

கைகால்கள் அந்த நீள அச்சில் இல்லை. அவை அதிலிருந்து கிளைத்து வெளியே வந்தவை. அதனால் கைகாலில் உடலோடு ஒட்டிய வேர்ப்பக்கத்தை ப்ராக்ஸிமல் என்றும், நுனிப்பக்கத்தை டிஸ்டல் என்றும் சொல்கிறோம். முழங்கால், கணுக்காலுக்கு ப்ராக்ஸிமல். 'சுபீரியர்' என்று எழுதியிருந்தாலும் தவறு என்று சொல்ல முடியாது, நிற்கும்போது முழங்கால் மேலேதானே இருக்கிறது. ஆனால் நாளைக்கே ஒரு நோயாளியைப் படுக்க வைத்து, காலை நீட்டியபடி தூக்கிப் பரிசோதிப்பீர்கள். அப்போது கணுக்கால் முழங்காலைவிட உயரத்தில் இருக்கும். பக்கத்தில் நிற்பவர் 'மேலே' என்றால் எதை நினைப்பார்? ப்ராக்ஸிமல் என்றால் யாருக்கும் சந்தேகம் வராது.

க்ரேனியல் ஏன் முழுத் தவறு என்பதற்கு அண்ணனின் புத்தகத்திலேயே ஆதாரம் இருக்கிறது. நாயின் காலில் கணுவுக்கு மேற்பட்ட பகுதியில் க்ரேனியல் என்றால் 'முன்பக்கம்' என்று அர்த்தம். தலை இருக்கும் பக்கம் அதற்கு முன்பக்கம் அல்லவா? நம் முழங்காலுக்குள் இருக்கும் முன்புறச் சிலுவைத் தசைநார், விளையாட்டு வீரர்களுக்கு அறுந்துபோவதாக அடிக்கடி செய்தியில் வரும் ஏ.சி.எல்., நாய்க்கு க்ரேனியல் க்ரூஷியேட் லிகமென்ட். அதே நார், அதே வேலை. மனிதனின் ஆன்டீரியர் அங்கே க்ரேனியல் ஆகிவிட்டது. ஆகவே 'முழங்கால், கணுக்காலுக்கு க்ரேனியல்' என்று கால்நடை மருத்துவரிடம் சொன்னால், முழங்கால் கணுக்காலுக்கு முன்னால் இருக்கிறது என்று புரிந்துகொள்வார். அண்ணனிடமே கேட்டுப் பாருங்கள்.

தலைக்குள் வந்துவிட்டாலும் க்ரேனியல் உதவாது. நெற்றி, மூக்குக்கு 'க்ரேனியல்' என்றால் என்ன பொருள்? இரண்டும் தலையில்தான் இருக்கின்றன. மனிதனில் நெற்றி, மூக்குக்கு சுபீரியர். அவ்வளவுதான்.

மனிதப் பாடத்திலேயே க்ரேனியல் வரும் இடங்கள்

உங்கள் கருவியல் நோட்டைப் புரட்டினால் க்ரேனியல், காடல் நிறைய வரும். ஒரே துறையில் ஒரு வகுப்பில் அப்படி, இன்னொரு வகுப்பில் இப்படியா என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. கருவுக்கு நிற்கும் நிலையே கிடையாது. மூன்றாம் வாரத்தில் அது ஒரு தட்டையான தட்டு. பிறகு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மடிகிறது. மேல், கீழ் என்று சொல்ல ஒன்றுமே இல்லை, தலை நுனி, வால் நுனி மட்டும்தான் உண்டு.

டயாஃப்ரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் மார்க் இழந்த இடம். அதன் நடுப்பகுதியாக மாறப்போகும் திசுத் தடுப்பு மூன்றாம் வாரத்தில் இதயம் உருவாகும் இடத்துக்கும் க்ரேனியலாக, தட்டின் தலை நுனியில் இருக்கிறது. நான்காம் வாரத்தில் தலைப்பக்கம் மடியும்போது அது இதயத்துக்குக் காடலாகப் போய்விடுகிறது. அந்தச் சமயத்தில் அது கழுத்துக்கு நேராக இருப்பதால் கழுத்தின் 3, 4, 5-ஆம் நரம்புகளிலிருந்து நரம்பைப் பெறுகிறது. உடல் நீளும்போது டயாஃப்ரம் மார்புக்கூட்டின் அடிக்கு இறங்கினாலும் அந்த நரம்பை விடுவதில்லை. அதுதான் கழுத்திலிருந்து நெஞ்சு வழியாக நீண்டு இறங்கும் ஃப்ரெனிக் நரம்பு. டயாஃப்ரத்துக்குக் கீழே சீழோ ரத்தமோ சேர்ந்தால் வலி தோள்பட்டையில் தெரிவதும் இதனால்தான். தோள்வலி என்று உங்களிடம் வரும் ஒருவருக்குத் தோளை எந்தப் பக்கம் அசைத்தாலும் வலி கூடவில்லை, ஆனால் ஆழ்ந்து மூச்சிழுத்தால் கூடுகிறது என்றால், தோள் மூட்டை விட்டுவிட்டு டாக்டரிடம் அனுப்புங்கள்.

மூளை இன்னொரு இடம். இங்கேதான் ஆறு திரும்புகிறது. தண்டுவடத்தில் அச்சு செங்குத்து. நடுமூளையைத் தாண்டியதும் அது கிட்டத்தட்ட செங்கோணத்தில் முன்னால் மடிந்து, நெற்றியை நோக்கிப் போகிறது. தண்டுவடத்தில் டார்சல் என்றால் பின்பக்கம். அதனால் தண்டுவடத்தின் பின்கொம்பை போஸ்டீரியர் ஹார்ன் என்றாலும் டார்சல் ஹார்ன் என்றாலும் ஒன்றுதான். பெருமூளைக்கு வந்தால் டார்சல் என்பது உச்சந்தலைப் பக்கம், போஸ்டீரியர் என்பது பிடரிப்பக்கம். இரண்டும் பிரிந்துவிட்டன. அச்சின் வழியே முன்னோக்கிய திசைக்கு மூளையில் ரோஸ்ட்ரல் என்று சொல்வார்கள். தண்டுவடத்தில் ரோஸ்ட்ரல் என்றால் மேல்நோக்கி, பெருமூளையில் நெற்றியை நோக்கி. நரம்பியல் பாடம் வரும்போது டார்சலையும் போஸ்டீரியரையும் ஒன்றாக எழுதும் பழக்கத்தைக் கழுத்தோடு நிறுத்திவிடுங்கள்.

பாதத்தை எப்படி வெட்டுவது

தளங்களில் உங்களுக்குக் குழப்பம் அதிகம் இல்லை என்று நினைக்கிறேன். சஜிட்டல் தளம் உடலை இடம், வலமாகப் பிரிக்கும். கொரோனல் முன், பின்னாக. டிரான்ஸ்வர்ஸ் மேல், கீழாக. நடுக்கோட்டில் செல்லும் சஜிட்டல் வெட்டு ஒன்றே ஒன்றுதான், அதற்கு இணையாக எத்தனை வேண்டுமானாலும் வெட்டலாம் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

சிக்கல் பாதத்தில்தான். டிரான்ஸ்வர்ஸ் என்ற சொல்லை இரண்டு அர்த்தத்தில் புழங்குகிறோம். ஒன்று, நிற்கும் உடலைத் தரைக்கு இணையாக வெட்டுவது. இன்னொன்று, ஓர் உறுப்பை அதன் நீளத்துக்குக் குறுக்கே வெட்டுவது. தொடையிலும் கெண்டைக்காலிலும் இரண்டும் ஒரே வெட்டுதான், ஏனென்றால் அவை செங்குத்தாக நிற்கின்றன. பாதம் முன்னால் நீண்டு கிடக்கிறது. தரைக்கு இணையாக வெட்டினால் உள்ளங்காலுக்கு இணையான, காலடித் தடம் போன்ற வெட்டு கிடைக்கும். நீங்கள் வரைந்தது அதுதான். நீளத்துக்குக் குறுக்கே வெட்டினால் ஐந்து மெட்டாடார்சல் எலும்புகளும் பக்கம் பக்கமாக வட்ட வட்டமாகத் தெரியும். உங்கள் ஆசிரியர் எதிர்பார்த்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் உடலின் தளக்கணக்கில் பார்த்தால் அந்தக் குறுக்குவெட்டு கொரோனல் தளத்தில் போகிறது! எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடங்களிலும் பாதத்துக்கு இந்தத் தகராறு உண்டு. அதனால் சிலர் ஆக்ஸியல், கொரோனல் என்ற பெயர்களை விட்டுவிட்டு, ஷார்ட் ஆக்ஸிஸ், லாங் ஆக்ஸிஸ் என்று எழுதிவிடுகிறார்கள். பாதத்தின் குறுக்கே வெட்டுவது ஷார்ட் ஆக்ஸிஸ்.

சி.டி. படம் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. டிரான்ஸ்வர்ஸ் வெட்டுகளைப் படுத்திருக்கும் நோயாளியின் கால்பக்கம் நின்று பார்ப்பதாக வைத்துக் காட்டுவார்கள். நோயாளியின் வலதுபக்கம் உங்கள் இடதுகைப் பக்கம் வரும். கல்லீரல் திரையின் இடதுபுறம் தெரிந்தால் படம் வழக்கமான முறையில் இருக்கிறது என்று பொருள். இடம், வலம் என்றாலே அது நோயாளியுடையது, உங்களுடையது அல்ல.

பிசியோதெரபியில் தளங்களை அசைவோடு சேர்த்துக் கேட்பார்கள். முழங்கையை மடக்குவது சஜிட்டல் தளத்தில், கையைப் பக்கவாட்டில் தூக்குவது கொரோனலில், கழுத்தைத் திருப்புவது டிரான்ஸ்வர்ஸில். இதை அப்படியே கட்டைவிரலுக்குப் பொருத்தினால் மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் உள்ளங்கையை முன்னால் காட்டி, கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். மற்ற நான்கு நகங்களும் பின்பக்கம் பார்க்க, கட்டைவிரல் நகம் மட்டும் ஏறக்குறைய பக்கவாட்டில் பார்க்கும். அந்த விரலே திரும்பி அமைந்திருக்கிறது. அதனால் அதன் மடக்கலும் நீட்டலும் உள்ளங்கைக்கு இணையாக, கொரோனல் தளத்தில் நடக்கின்றன. உள்ளங்கையிலிருந்து நேரே முன்னால் எழுப்புவதுதான் அதற்கு அப்டக்ஷன், அது சஜிட்டல் தளத்தில். வைவாவில் இதைக் கேட்காத பிசியோ ஆசிரியர் அபூர்வம்.

மதிப்பெண் கேட்கலாமா?

துறைத்தலைவருக்கு எழுதிக் கொடுப்பதில் உங்களுக்கு லாபம் குறைவு. இன்டர்னல் தாளைத் திருத்தியவர் உங்கள் ஆசிரியர். அவரைத் தாண்டி எழுத்தில் போனால் அது புகார் ஆகிவிடும், அரை மதிப்பெண் விஷயம் ஆண்டு முழுக்க நீளும். விடைத்தாளையும் பாடப்புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, வகுப்பு முடிந்ததும் அவரிடமே போங்கள். முதலில் பாதத்தைக் கேளுங்கள். "சார், உடலின் டிரான்ஸ்வர்ஸ் தளத்தை வைத்து உள்ளங்காலுக்கு இணையாக வரைந்தேன். குறுக்குவெட்டு என்று கேட்டிருந்தால் இப்படி வரைந்திருப்பேன்" என்று சொல்லி, குறுக்குவெட்டையும் அங்கேயே வரைந்து காட்டுங்கள். வரைந்து காட்டினால் உங்களுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். இதயத்தைப் பற்றிக் கேட்கும்போது "பக்கம் சரி, சொல்தான் மாறிவிட்டது" என்று மட்டும் சொல்லுங்கள், அண்ணன் புத்தகத்தை இழுக்காதீர்கள். அவர் தராவிட்டால் விட்டுவிடுங்கள். பல்கலைக்கழகத் தேர்வில் தாளைத் திருத்துபவர் உங்களுக்கு யாரென்றே தெரியாது, விளக்கம் சொல்லவும் வழி இல்லை. அங்கே நடு உடலுக்கும் தலைக்கும் சுபீரியர், இன்ஃபீரியர், கைகாலுக்கு ப்ராக்ஸிமல், டிஸ்டல், கருவுக்கு க்ரேனியல், காடல் என்று அந்தந்தப் பாடத்தின் வழக்கிலேயே எழுதுங்கள்.

இரண்டாம் ஆண்டில் தொடைச் சுற்றளவு எடுக்கச் சொல்லும்போது இதே சொற்கள் மறுபடி வரும். முழங்கால் அறுவை முடிந்த ஒருவருக்குத் தசை எவ்வளவு இளைத்திருக்கிறது என்று பார்க்க, இரண்டு தொடைகளையும் ஒரே இடத்தில் டேப்பால் அளப்போம். குறிப்பில் 'முழங்காலுக்கு மேலே 10 செ.மீ.' என்று மட்டும் எழுதியிருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் படுக்க வைத்து, முழங்கால் சில்லின் மேல்விளிம்பிலிருந்து 10 செ.மீ. எண்ணுகிறீர்கள். அடுத்த வாரம் இன்னொருவர் மூட்டின் இடுக்கிலிருந்து எண்ணுகிறார். சில்லின் நீளமே நான்கு சென்டிமீட்டருக்கு மேல் என்பதால் அவருடைய டேப் உங்களுடையதைவிடச் சில சென்டிமீட்டர் கீழே, தொடை ஒடுங்கும் இடத்தில் விழும். தசை இளைக்காமலேயே இளைத்ததாகக் கணக்கு வரும். அதையே 'சில்லின் சுபீரியர் விளிம்பிலிருந்து 10 செ.மீ. ப்ராக்ஸிமல், மல்லாந்து படுத்து, முழங்கால் நீட்டியபடி' என்று எழுதினால் யார் அளந்தாலும் டேப் ஒரே இடத்தில் விழும். முதல் தடவை அளக்கும்போதே அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு, பிறகு டேப்பைச் சுற்றுங்கள்.